பதிவைக் கேட்காமல் எழுதிய நன்றிக் கடிதம்: நம் மன்றச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மன்றத்தின் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சிறப்புப் பேச்சாளர்களுக்கு அனுப்பும் நன்றிக் கடிதம் இனி ஒரே படிவமாக இருக்கும் என்று சென்ற கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறீர்கள். பேச்சாளர் பெயருக்கு ஓர் இடம், தலைப்புக்கு ஓர் இடம், "தங்கள் உரையிலிருந்து நாங்கள் கற்றவை" என்று மூன்று வரி. நிகழ்ச்சி முடிந்த மறுநாளே யாராவது ஒருவர் நிரப்பி அனுப்பிவிடலாம், பதிவை முழுக்கக் கேட்டுக்கொண்டு இரண்டு வாரம் இழுக்க வேண்டியதில்லை என்பது நீங்கள் சொன்ன காரணம். அந்த இரண்டு வாரத்தை இதுவரை இழுத்துக்கொண்டிருந்தவன் நான்தான் என்பதால், என் வேலை போன கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க இடமிருக்கிறது. அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் புதிய படிவத்தில் போன முதல் கடிதத்தைப் படித்துவிட்டு நினையுங்கள்.

அந்தக் கடிதம் புள்ளியியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மையாருக்குப் போனது. "மருத்துவச் செய்திகளில் வரும் சதவீதங்களை எப்படிப் படிப்பது" என்பது அவர் பேசிய பொருள். கற்றவை என்ற தலைப்பின் கீழ் முதல் வரி இது: "கருத்தடை மாத்திரையால் ரத்த உறைவு அபாயம் 100 சதவீதம் என்று தாங்கள் எச்சரித்தது எங்கள் கண்களைத் திறந்தது." அதே கடிதத்தின் நகல் உறுப்பினர் அனைவருக்கும் போனது.

அம்மையாரிடமிருந்து வந்த பதில் இரண்டே வரி. கடிதம் கிடைத்தது, நான் சொன்னது இதற்கு நேர் எதிரானது, பதிவின் 31ஆம் நிமிடத்தைக் கேட்டுப் பார்க்கவும் என்று எழுதியிருந்தார். கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

31ஆம் நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று செயற்குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். 1995 அக்டோபரில் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. அப்போது புதிதாக இருந்த ஒருவகைக் கருத்தடை மாத்திரைகள், பழைய வகையோடு ஒப்பிட்டால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயத்தை இரட்டிப்பாக்குகின்றன என்றது. இரட்டிப்பு என்றால் 100 சதவீத உயர்வு. செய்தித்தாள்கள் அதைப் பெரிய எழுத்தில் போட்டன. உண்மையில் நடந்தது என்னவென்றால், பழைய மாத்திரை சாப்பிட்ட ஏழாயிரம் பெண்களில் சுமார் ஒருவருக்கு வந்தது, புதிய மாத்திரை சாப்பிட்ட ஏழாயிரம் பேரில் இரண்டு பேருக்கு வந்தது. கூடியது ஏழாயிரத்துக்கு ஒருவர். ஒன்று இரண்டானதை "100 சதவீதம்" என்று சொல்வது பொய் இல்லை. ஆனால் கேட்டவர்களின் காதில் விழுந்தது வேறு. ஏராளமான பெண்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஓராண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்பது மதிப்பீடு. இதில் இன்னொரு கொடுமை, ரத்தம் உறையும் அபாயம் அந்த மாத்திரையில் இருப்பதைவிடக் கர்ப்ப காலத்தில் அதிகம்.

ஒரு சதவீதத்தைச் சொன்ன விதம் என்ன செய்யும் என்பதற்குத்தான் அம்மையார் இந்தக் கதையைச் சொன்னார். நாமோ அவர் எந்தத் தவறைச் சுட்டிக்காட்டினாரோ அதே தவறைச் செய்தோம், அதையும் அவர் பெயரில் செய்தோம், ஒரு படி மேலே போய் "100 சதவீதம் கூடியது" என்பதை "அபாயம் 100 சதவீதம்" என்று ஆக்கினோம். அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டால் மாத்திரை சாப்பிடும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ரத்தம் உறையும் என்று பொருள். கடிதம் வந்த அன்று இரவு உறுப்பினர் ஒருவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். அவர் பேச்சுக்கு வரவில்லை, நகலை மட்டும் படித்திருக்கிறார். "என் மகளை மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டேன், சரிதானே?" என்று கேட்டார். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேச்சில் இருந்ததை எடுத்துச் சொன்னேன். என்னை அழைக்காதவர்கள் எத்தனை பேரோ.

இந்த வரி எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தேன். 28ஆம் நிமிடத்தில் திரையில் ஒரு படம் வருகிறது. கறுப்புப் பின்னணியில் பெரிய சிவப்பு எழுத்தில் "100%", கீழே சிறிதாக "ரத்த உறைவு". செய்தித்தாள் தலைப்பு எப்படி மிரட்டும் என்று காட்ட அவரே செய்துகொண்டு வந்த படம். மூன்று நிமிடம் அதைத் திரையில் விட்டுவைத்து, நாம் எல்லோரும் மிரண்ட பிறகு, அதை உடைத்துக் காட்டினார். படிவத்தை நிரப்பியவர் பேச்சைக் கேட்கவில்லை, திரையில் காட்டிய படங்களின் கோப்பை மட்டும் புரட்டியிருக்கிறார். உடைத்த இடம் திரையில் இல்லை, அவர் குரலில் இருந்தது. நிரப்பியவரை நான் குறை சொல்ல மாட்டேன். மறுநாளே அனுப்பு என்றால் யாரும் திரையைத்தான் பார்ப்பார்கள். பேச்சாளர் மறுப்பதற்காகக் காட்டும் படம்தான் எப்போதும் பெரிய எழுத்தில் இருக்கும்.

பதிவைக் கேட்டால் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. இந்தப் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 72 நிமிடம். முதல் தடவை பேனாவை எடுக்காமல் கேட்டேன், அவர் எதை நோக்கிப் போகிறார் என்று தெரிந்துகொள்ள. இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்தி, நிமிடத்தைக் குறித்துக்கொண்டு கேட்டேன். அப்போதுதான் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன். என் குறிப்பில் "ஆயிரத்தில் ஒருவர்" என்று இருந்தது. யாரோ இருமிய சத்தத்தில் முதல் எழுத்து அமுங்கிப்போயிருந்தது. அவர் சொன்னது "ஏழாயிரத்தில் ஒருவர்". திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டும் உறுதியாகவில்லை. நான்கு வரி தள்ளி, "மறுபடியும் சொல்கிறேன், ஏழு ஆயிரம்" என்று அவரே விரித்துச் சொன்ன இடம் கிடைத்த பிறகுதான் எழுதினேன். தமிழில் எண்கள் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு இருமலில் அபாயம் ஏழு மடங்காகிவிடும். எண் எதுவானாலும் பேச்சில் இரண்டு இடத்தில் கேட்காமல் கடிதத்தில் எழுதுவதில்லை என்பது என் பழக்கம். ஒரே இடத்தில்தான் வருகிறது என்றால் பேச்சாளரிடமே கேட்டுவிடுவேன். இதுவரை எவரும் அதற்காக வருத்தப்பட்டதில்லை.

இன்னொன்று கேள்வி நேரம். நம் அரங்கில் ஒலிவாங்கி மேடையில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் பதிவில் பதில்கள் இருக்கின்றன, கேள்விகள் இல்லை. 61ஆம் நிமிடத்தில் எங்கோ தூரத்தில் ஒரு முணுமுணுப்பு, பிறகு அம்மையார் அழுத்தமாக, "இல்லை இல்லை, அப்படிச் சொல்லவே இல்லை. அறிகுறியோடு வருகிறவர் கணக்கு வேறு" என்கிறார். எதை அவர் சொல்லவே இல்லை? அன்று நான் அரங்கில் இருந்து கேள்வியைக் குறித்து வைத்திருந்ததால் தெரியும். பின்வரிசையில் ஒருவர், "அப்படியானால் இந்தப் பரிசோதனைகளே வீண் என்கிறீர்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று தெரிய, அதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். செயற்குழு வெட்டி எறிந்த ஆறு நிமிடம் அது.

44ஆம் நிமிடத்தில் அம்மையார் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். அதில் ஆயிரம் சிறு கட்டங்கள், ஒரு கட்டம் ஒரு மனிதர். கணக்கைப் பழகுவதற்கான எண்கள் இவை, எந்தக் குறிப்பிட்ட பரிசோதனையின் எண்களும் அல்ல என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆயிரம் பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது, அந்தப் பத்துக் கட்டத்தைக் கறுப்பாக்குங்கள். பரிசோதனை நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கும், ஆக 9 கறுப்புக் கட்டத்தைச் சுற்றி வட்டமிடுங்கள். நோய் இல்லாதவர்களிலும் 9 சதவீதம் பேருக்கு இருக்கிறது என்று தவறாகக் காட்டும், 990இல் 9 சதவீதம் ஏறக்குறைய 89, அந்த 89 வெள்ளைக் கட்டத்துக்கும் வட்டமிடுங்கள். பிறகு அவர் பேசவில்லை. ஆறு நிமிடம் அரங்கில் பேனா உரசும் சத்தம் மட்டும்.

ஒன்பது வட்டம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. எண்பத்தொன்பது முடியவே இல்லை. என் பக்கத்தில் இருந்தவர் பாதியில் விரலை உதறிக்கொண்டு, "இவ்வளவு பேரா?" என்றார். அந்தச் சமயத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. வட்டமிட்டவை மொத்தம் 98, அதில் கறுப்பு 9தான். பரிசோதனை "இருக்கிறது" என்று காட்டிய ஒருவருக்கு உண்மையில் நோய் இருக்கும் வாய்ப்பு பதினொன்றில் ஒன்று போல. பேச்சின் தொடக்கத்தில் இதே கேள்வியைச் சதவீதமாகக் கேட்டபோது அரங்கில் பலரும், நான் உட்பட, "90 சதவீதம்" என்றோம். ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் பல ஆண்டுகளாக வலியுறுத்துவதும் இதுதான்: சதவீதமாகச் சொன்னால் மருத்துவர்களே தடுமாறும் கணக்கு, ஆயிரத்துக்கு எத்தனை பேர் என்று ஆட்களாகச் சொன்னால் பெரும்பாலும் பிடிபடும். அம்மையார் அதை நம் விரல்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

பதிவை வெளியிட்டபோது "சத்தமே இல்லை, தொழில்நுட்பக் கோளாறு போலிருக்கிறது" என்று அந்த ஆறு நிமிடத்தை வெட்டிவிட்டீர்கள். இப்போது பதிவைப் பார்ப்பவருக்கு "வட்டமிடுங்கள்" என்று ஒரு குரல் கேட்கிறது, அடுத்த நொடியே "பார்த்தீர்களா?" என்று கேட்கிறது. எதைப் பார்க்க?

பேச்சில் சொல்லப்பட்டது வேறு, வந்தவர்கள் கற்றது வேறு. நன்றிக் கடிதத்தில் பேச்சாளருக்குத் தேவைப்படுவது இரண்டாவது. தான் என்ன பேசினோம் என்று அவருக்குத் தெரியும், அதைச் சுருக்கித் திருப்பி அனுப்புவதில் அவருக்கு ஒரு பயனும் இல்லை. எது போய்ச் சேர்ந்தது, எது வழியில் திரிந்துபோனது என்பது மேடையிலிருந்து தெரியாது. அதற்காகத்தான் வாசலில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, "இன்று கேட்டதில் ஒன்றை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்" என்று கேட்பேன். "பேச்சு பிடித்ததா" என்று கேட்பதில்லை. அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் எழுதுவார்கள். அன்று வந்த சீட்டுகளில் சிலவற்றில் இருந்தது, "இனி பரிசோதனையே செய்துகொள்ள மாட்டேன்". படிவத்தில் இந்த வரிக்கு இடமில்லை. பேச்சாளருக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான்.

நான் குறை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றக்கூடும். ஆகவே அம்மையாருக்குப் போயிருக்க வேண்டிய கடிதத்தை எழுதிக் கீழே தருகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.

"அம்மையார் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் உரைக்கு எங்கள் மன்றத்தின் நன்றி. அன்று வந்தவர்கள் எழுதிய சீட்டுகளையும் பதிவையும் வைத்து, எங்களுக்கு எட்டியதை எழுதுகிறோம். தவறிருந்தால் திருத்துங்கள், திருத்திய பிறகே உறுப்பினர்களுக்கு அனுப்புவோம்.

"இரட்டிப்பு, பாதி, 100 சதவீதம் என்று எந்தச் செய்தி வந்தாலும் 'எத்தனை பேரில் எத்தனை பேர்?' என்று கேட்க வேண்டும் என்பது அநேகமாக எல்லாச் சீட்டுகளிலும் இருந்தது. 1995 மாத்திரைக் கதையில் ஏழாயிரத்தில் ஒருவர் இருவரானது பலருக்கும் நினைவில் நின்றிருக்கிறது (பதிவில் 31ஆம் நிமிடம்). திரையில் வந்த சிவப்பு '100%' மறுப்பதற்காகக் காட்டியது என்பது சிலருக்கு எட்டவில்லை. அடுத்த முறை அந்தப் படத்தின் மேலேயே ஒரு கோடு அடித்துக் காட்டினால் உதவும் என்று தோன்றுகிறது.

"ஆயிரம் கட்டத் தாளில் 98 வட்டங்களுக்குள் 9 மட்டுமே கறுப்பு என்பதைத் தங்கள் வார்த்தையைவிட எங்கள் விரல்களே எங்களுக்குப் புரியவைத்தன. ஆனால் இதிலிருந்து 'பரிசோதனை வீண்' என்று சிலர் முடிவுகட்டிவிட்டார்கள். கேள்வி நேரத்தில் தாங்கள் சொன்ன பதிலை நாங்கள் புரிந்துகொண்டது இப்படி: இந்தக் கணக்கு அறிகுறி எதுவும் இல்லாத ஆயிரம் பேரைப் பற்றியது. அறிகுறியோடு வரும் ஆயிரம் பேரில் நோய் உள்ளவர் பத்துப் பேர் மட்டும் இருக்க மாட்டார்கள், எனவே விடையும் மாறும். அறிகுறி இல்லாதவருக்கும்கூடப் பரிசோதனை ஒன்றும் சொல்லாமல் இல்லை. வட்டமிடாத 902 பேரில் நோய் உள்ளவர் ஒருவர்தான். வட்டத்துக்குள் வந்தவருக்கு அடுத்த பரிசோதனை தேவை என்பதே பொருள், நோய் உறுதி என்றோ பயமில்லை என்றோ பொருள் இல்லை. இது சரியா?

"எங்களுக்குத் தெளிவாகாமல் நின்றது ஒன்று. செய்தியில் ஏழாயிரத்தில் எத்தனை பேர் என்ற எண்ணே இல்லாமல் 'இரட்டிப்பு' என்று மட்டும் இருந்தால் அந்த எண்ணை நாங்கள் எங்கே தேடுவது? இரண்டு வரியில் சொல்ல முடிந்தால் பதிவோடு சேர்த்துவிடுகிறோம்."

இதில் "ஆற்றொழுக்கான நடை" இல்லை, "சிந்தனைக்கு விருந்து" இல்லை. படிவத்தில் இரண்டும் இருக்கின்றன. எந்தப் பேச்சாளருக்கும் பொருந்தும் வரியை எந்தப் பேச்சாளரும் இரண்டாம் தடவை படிப்பதில்லை. மேலே உள்ள கடிதத்தை எழுத எனக்கு, பதிவைக் கேட்ட நேரமும் சீட்டுகளைப் படித்த நேரமும் சேர்த்து, ஐந்து மணி நேரம் பிடித்தது. தாமதம் என்ற உங்கள் குறை நியாயம்தான். இரண்டு வாரம் ஆனதற்குக் காரணம் நான் ஒருவன் மட்டுமே செய்தது. வேலை நாட்களில் முடியாமல் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளியது என் தவறு. மறுநாளே ஒரு வரி நன்றி போகட்டும், அதை நான் எதிர்க்கவில்லை. கற்றவை என்று எழுதுவதாக இருந்தால் மட்டும், கேட்டவர் எழுத வேண்டும்.

ஆகவே செயற்குழுவிடம் நான் கேட்பவை இவை.

முதலாவதாக, அம்மையாருக்கு மன்றத்தின் பெயரில் மன்னிப்புக் கடிதம் இந்த வாரத்துக்குள் போக வேண்டும். தவறான வரி எது, சரியானது எது என்று அதில் இருக்க வேண்டும், "சிறு பிழை ஏற்பட்டதற்கு வருந்துகிறோம்" என்று மூடி மறைக்கக் கூடாது. நகல் பெற்ற அனைவருக்கும் அதே திருத்தம் போக வேண்டும். மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்ற வரி அதில் முதலில் வரட்டும்.

வெட்டிய ஆறு நிமிடத்தைப் பதிவில் திரும்பச் சேருங்கள். ஆயிரம் கட்டத் தாளின் நகலையும் அதோடு வையுங்கள், வீட்டிலிருந்து பார்ப்பவரும் வட்டமிடட்டும்.

படிவத்தில் "நாங்கள் கற்றவை" என்ற மூன்று வரிப் பகுதியை நீக்குங்கள். அந்தப் பகுதி தனிக் கடிதமாக, பதிவை முழுக்கக் கேட்ட ஒருவரால், பத்து நாளுக்குள் எழுதப்பட்டு, பேச்சாளர் பார்த்துத் திருத்திய பிறகே உறுப்பினர்களுக்குப் போக வேண்டும். இதற்கு என்னோடு இன்னும் இருவரைச் சேர்த்துவிடுங்கள். என் குறிப்பேடுகளை அவர்களிடம் தருகிறேன். அவர்கள் பழகிய பிறகு நான் விலகிக்கொள்ளவும் தயார்.

கடைசியாக, இரண்டாவது ஒலிவாங்கி வாங்கும் வரை, கேள்வியை மேடையிலிருந்து ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லும்படி நிகழ்ச்சியை நடத்துபவர் ஒவ்வொரு பேச்சாளரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த கூட்டத்தின் பொருள் வரிசையில் இவற்றைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இதுவரை நன்றிக் கடிதங்களை எழுதிவந்த உறுப்பினன்